உபயமும் விளம்பரமும்

2023 பிப்ரவரியில் ஆரணியில் நாங்கள் நடத்திய மூன்று நாள் தெருக்கூத்து விழா முடிந்து நான்கு மாதங்கள் கழித்து, மூன்றாம் நாள் ஆடிய குழுவின் வாத்தியார் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். பேருந்து நிலையம் வரை வந்ததாகவும், பக்கத்தில்தானே இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். காபி குடித்தார். மழை எப்படி என்று விசாரித்தார். என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். அவர் குழுவுக்கு நாங்கள் தரவேண்டிய 35,000 ரூபாயில் 18,000 பாக்கி இருந்தது. அதைப் பற்றி ஒரு சொல்கூட அவர் பேசவில்லை. அவர் கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு அத்தனை வலித்திருக்காது.

அந்தப் பாக்கி எப்படி வந்தது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான், கடைக்காரர்களிடம் விழாவுக்குப் பணம் கேட்பது ஒரு தனி வேலை என்பதும், அந்த வேலையை நாங்கள் அடியோடு தவறாகச் செய்திருக்கிறோம் என்பதும் புரிந்தது. வெவ்வேறு ஊர்களில் இதுபோன்ற விழாக்களைக் கையிலெடுக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். சுற்றிலும் கூத்து வாழ்கிற கிராமங்கள். கண்ணப்பத் தம்பிரானைத் தந்த புரிசையும் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும். ஆனால் டவுனில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பது குறைந்துவிட்டது. டவுனுக்கு நடுவே ஒரு பள்ளி மைதானத்தில் மூன்று இரவு, மூன்று குழுக்கள் என்பதுதான் எங்கள் திட்டம். நாங்கள் பன்னிரண்டு பேர். ஆசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர், ஒரு தறிக்காரர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான்.

முதல் ஆண்டு ஒரு கடிதம் தயாரித்தோம். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் கூத்துக்கலையின் தொன்மை. நான்தான் எழுதினேன், எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. மீதி அரைப் பக்கத்தில் வைரப் புரவலர் 50,000, தங்கப் புரவலர் 25,000, வெள்ளிப் புரவலர் 10,000 என்று ஒரு பட்டியல். கடைசி வரி, 'தங்களால் இயன்ற உதவியைச் செய்து கலையை வாழவைக்க வேண்டுகிறோம்.' இதை 62 கடைகளில் கொடுத்தோம். கடைகளிலிருந்து 1,50,000 வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கைக்கு வந்தது 46,000. வைரமும் இல்லை, தங்கமும் இல்லை. வெள்ளிப் புரவலர் இருவர் மட்டும் கிடைத்தார்கள். மற்றவர்கள் 500, 501, 1,001 என்று கொடுத்தார்கள். இதற்கு மேலே, 'விழா சமயத்துல வந்து வாங்கிக்குங்க' என்று வாயால் சொன்ன தொகைகள் 28,000 இருந்தன. அவற்றை நம்பி மூன்றாவது குழுவுக்கு அச்சாரம் கொடுத்தோம். அந்தப் பணம் வரவே இல்லை. 18,000 பாக்கியின் வரலாறு இதுதான்.

*

எங்கே தவறினோம் என்பதை எனக்குச் சொன்னவர் ஓர் அரிசி ஆலை உரிமையாளர். முதல் ஆண்டு 500 கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வெட்கத்தை விட்டு அவரிடமே போய், 'ஏன் ஐயா 500?' என்று கேட்டேன். சிரித்துவிட்டு, 'தம்பி, நீங்க கேட்டது நன்கொடையா, விளம்பரமா?' என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

'நன்கொடைன்னா கல்லாவுலேர்ந்து எடுத்துத் தருவேன். மாசத்துக்கு முப்பது பேர் வராங்க. கோயில், கபடி, மருத்துவச் செலவு. எல்லாருக்கும் ஒரே அளவுதான். விளம்பரம்னா கணக்குல எழுதித் தருவேன். அது வேற பெட்டி. உங்க கடிதம் எந்தப் பெட்டியைத் தட்டுதுன்னே எனக்குப் புரியல. அதான் சின்னப் பெட்டியைத் தொறந்தேன்.'

நான் இதுவரை கேட்ட சொற்பொழிவுகளில் மிகச் சிறந்ததும் மிகச் சுருக்கமானதும் இதுதான். ஒரு கடையில் பணத்துக்கு இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. சிறிய பெட்டி முகத்துக்காகத் திறப்பது. அதில் எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும் கிடைப்பது ஊர் வழக்கப்படியான அளவுதான். பெரிய பெட்டி வியாபாரத்துக்காகத் திறப்பது. அதைத் திறக்கவேண்டுமென்றால், என்ன தருகிறோம், அது யாரைச் சென்றடையும், அதன் விலை என்ன என்று சொல்லியாகவேண்டும். எங்கள் கடிதம் ஒரு பக்கம் சின்னப் பெட்டியின் மொழியில் பேசிவிட்டு, கடைசியில் பெரிய பெட்டியின் தொகையைக் கேட்டது. 'தங்களால் இயன்ற' என்ற இரண்டு சொற்கள் எங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இழப்பு ஏற்படுத்தியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். அந்தச் சொற்களைப் படித்தவுடன் கை தானாகச் சின்னப் பெட்டிக்குப் போய்விடும்.

வைரம், தங்கம், வெள்ளி என்ற அடுக்கும் பயனற்றது என்று பிறகு புரிந்தது. 50,000 என்பது எதற்கான விலை? எங்களுக்கே தெரியாது. ஏதோ ஒரு பெரிய விழாவின் அழைப்பிதழைப் பார்த்து எழுதினோம். எந்தச் செலவுக்கும் தொடர்பில்லாத தொகையைக் கேட்டால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது 'மீதி எங்கே போகும்' என்ற ஐயம்தான்.

இதற்கான மாற்று எங்கள் ஊர்க் கோயில்களில் கண்முன்னே இருந்தது. பிரம்மோற்சவப் பத்திரிகையைப் பாருங்கள். முதல் நாள் உபயம் இன்னார், இரண்டாம் நாள் உபயம் இன்னார், புஷ்ப அலங்காரம் இன்னார். ஒரு நாள் முழுவதும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு வணிகருக்கோ உரியதாகிவிடுகிறது. செலவு எது என்பது தெளிவு. கிடைக்கும் பெருமை எது என்பதும் தெளிவு. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த அமைப்பு இது. ஆகவே புரவலர் அடுக்கை எறிந்துவிட்டு உபயப் பட்டியல் போட்டோம். வடிவம் உபயம், கணக்கு விளம்பரம் என்பது எங்களுக்குள் ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது.

*

2024 பிப்ரவரி விழாவுக்கு முதலில் செலவுகளை எழுதினோம். மூன்று குழுக்களுக்கும் ஒவ்வொன்றுக்கு 35,000 வீதம் 1,05,000. ஒலி, ஒளி மூன்று இரவுக்கும் 36,000. பந்தலும் நாற்காலியும் 24,000. கலைஞர்கள், தொண்டர்கள் உணவு 21,000. குழுக்களின் வண்டிக்கும் தங்குவதற்கும் 15,000. துண்டறிக்கை, சுவரொட்டி, அழைப்பிதழ் 12,000. தண்ணீரும் தேநீரும் 9,000. அனுமதி, மின் இணைப்பு, துப்புரவு 8,000. எதிர்பாராச் செலவுக்கு 10,000. ஆக மொத்தம் 2,40,000. எங்கள் சந்தாவும் மைதானத்தில் வைக்கும் உண்டியலும் 60,000 தரும். மீதி 1,80,000 கடைகளிலிருந்து வரவேண்டும்.

இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஓர் உபயம் ஆயிற்று. இரவு உபயம் மூன்று, ஒளி உபயம், உணவு உபயம், அச்சு உபயம், தண்ணீர் உபயம். ஒரு கடைக்கு ஒரு வரியை மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். முழுப் பட்டியலைக் காட்டினால் எல்லோரும் மிகக் குறைந்த தொகையைத்தான் தொடுவார்கள்.

கடிதம் ஒரே ஒரு தாளாகச் சுருங்கியது, ஒவ்வொரு கடைக்கும் தனித்தனித் தாள். மேலே இரண்டு வரிகளில் என்ன, எப்போது, எங்கே. கூத்தின் தொன்மைக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்தது யார் வருவார்கள் என்பது. முதல் ஆண்டு நாங்கள் ஆட்களை எண்ணவில்லை. ஆனால் மாணவர்கள் எடுத்த படங்கள் இருந்தன. அவற்றைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினோம். இரண்டாம் இரவு 7 மணிக்கு 180 பேர், 8.30-க்கு 430 பேர், 10 மணிக்கு 300 பேர். 'படங்களிலிருந்து எண்ணியது' என்று தாளிலேயே எழுதினோம். 'ஆயிரக்கணக்கானோர்' என்று எழுதத் தோன்றியதை வங்கி நண்பர் தடுத்தார். கடைத்தெருவில் நாற்பது வருடம் உட்கார்ந்திருப்பவர் ஒரு கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார், நம் முதல் பொய்யிலேயே தாளை மடித்துவிடுவார் என்றார்.

அதன்பின் நாங்கள் கேட்கும் ஒரு வரி, அதன் தொகை. அதன்பின் நாங்கள் தருவது, ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய வடிவில். 'உரிய விளம்பரம் செய்யப்படும்' என்று எழுதாமல், 3,000 துண்டறிக்கைகளில் பெயர், மைதானத்துக்குள் 8 அடிக்கு 4 அடி துணிப்பதாகை ஒன்று, கூத்து தொடங்குமுன் ஒன்றும் இடையில் ஒன்றுமாக இரண்டு அறிவிப்புகள் என்று எழுதினோம். சாலையோரப் பதாகையை வாக்களிக்கவே இல்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பதாகை விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபின், அதைத் தொடுவதற்கு எங்களுக்கு மனமும் இல்லை, துணிவும் இல்லை. 10 மணிக்குப் பிந்தைய அறிவிப்பையும் தரவில்லை. அந்த நேரத்துக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழா நாட்களில் நள்ளிரவு வரை அரசு தளர்த்த இடமுண்டு. ஆனால் கிடைக்கும் என்று நாம் விற்க முடியாது.

கடைசியாகப் பணம் தரும் முறை. பாதி இப்போது, பாதி விழாவுக்கு ஐந்து நாள் முன்பு. முன்பணம் வந்த பிறகே பெயர் அச்சுக்குப் போகும். இந்த ஒரு வாக்கியம்தான் முந்தைய ஆண்டின் 28,000-க்கு மருந்து. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கேட்டோம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்த தொகையைத் தொழில் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. விளம்பரம் என்று கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு ரொக்கம் கேட்பது முரண்.

*

தொகையை எப்படி முடிவு செய்வது என்று பலர் கேட்பார்கள். செலவு 35,000 என்பது நம் கணக்கு. அது கடைக்காரருக்குப் பெறுமா என்பது அவர் கணக்கு. அவர் அதை ஒப்பிடுவது அவர் ஏற்கெனவே செய்யும் விளம்பரத்தோடுதான். எங்கள் ஊரில் 5,000 துண்டறிக்கை அடித்து நாளிதழோடு வைத்து வீடுகளுக்கு அனுப்ப ஏறக்குறைய 6,000 ரூபாய் ஆகிறது. அந்தத் துண்டறிக்கைகளில் பெரும்பகுதி அன்று மாலையே வடை மடிக்கப் போய்விடும். எங்களிடம் ஓரிரவு 400 பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இருந்தாலும் 400 தலைகளைக் காட்டி 35,000 கேட்பது அதிகம்தான். வெறும் பெயர் தெரிவதற்கு அந்தத் தொகையை யாரும் தரமாட்டார்கள். அவருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்று அதில் இருந்தாகவேண்டும். அது என்ன என்பது தாள் எழுதுமுன் அவரிடம் பேசினால்தான் தெரியும்.

அரிசி ஆலைக்காரரின் கதையே இதற்கு எடுத்துக்காட்டு. நாங்கள் அவருக்கு முதலில் எழுதிய தாளில் மைதான வாசலில் அரிசி விற்க ஒரு கடை போட இடம் தருவதாக இருந்தது. அவர் அதைப் பார்த்து, 'என் அரிசி வண்டி வண்டியா வெளியூருக்குப் போவுது. இங்க அஞ்சு கிலோ வித்து நான் இன்னா பண்ணப் போறேன்?' என்றார். பிறகு அவரே கேட்டார். 'கூத்து பார்க்க வர்றவங்க எந்த ஊரு? அதுல வெள்ளாமை செய்யறவங்க எத்தினி பேரு?'

அப்போதுதான் விளங்கியது. அவருக்கு அரிசி வாங்குபவர் வேண்டாம், நெல் விற்பவர் வேண்டும். அறுவடைக் காலத்தில் நல்ல நெல் எந்த ஆலைக்குப் போகும் என்பதில் ஆலைகளுக்குள் போட்டி. அவருக்கு வழக்கமாக நெல் போடும் விவசாயிகளை மதித்து உட்காரவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. தாளை மாற்றினோம். கடை போடும் இடத்தை எடுத்துவிட்டு, முன்வரிசையில் 30 நாற்காலிகளை அவர் அழைக்கும் விவசாயிகளுக்கு ஒதுக்கினோம். அழைப்பிதழை அவர் பெயரிலேயே 30 அச்சிட்டுத் தருவதாகச் சொன்னோம். எங்களுக்கு ஆன கூடுதல் செலவு சில நூறு ரூபாய். அவருக்கு அந்த வரிதான் 35,000 பெறுமானது.

பேரம் இல்லாமல் முடியவில்லை. 25,000 என்றார். இங்கே நாங்கள் கற்றுக்கொண்ட பாடம், விலையை மட்டும் குறைக்கக் கூடாது. குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்றாகிவிடும். 'அப்படியானால் இந்த இரவை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளலாம் ஐயா, நாற்காலி 15 வரும்' என்றோம். சற்று யோசித்துவிட்டு, பகிர விருப்பமில்லை என்று முழுத் தொகைக்கே ஒப்புக்கொண்டார். 15,000 அன்றே காசோலையாக வந்தது.

எந்த இரவில் எந்தக் கூத்து என்பதும் பேச்சுக்கு வந்தது. அரிசி ஆலைக்காரர் 'அர்ஜுனன் தபசு' இரவை எடுத்துக்கொண்டார். தவமும் வரமும் உள்ள கதை. பட்டுக்கடைக்காரரிடம் மீதி இருந்தது 'துகிலுரிதல்'. அவர் முகம் மாறிவிட்டது. 'எங்க கடை பேரைப் போட்டுட்டு அன்னைக்குப் புடவையை உருவறதா?' என்றார். நாங்கள் விழித்தோம். எங்களோடு வந்திருந்த கூத்து வாத்தியார்தான் காப்பாற்றினார். 'முதலாளி, உருவறவன்தான் களைச்சு விழுவான். புடவை குறையவே குறையாதுங்க. கண்ணன் குடுத்துனே இருப்பாரு.' கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இரவு அவருடையதாயிற்று.

*

மூன்றாவது இரவில்தான் சோதனை வந்தது. அது 'கர்ண மோட்சம்'. ஒரு நகைக்கடைக்காரர் முழு இரவையும் எடுக்க முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கட்டியங்காரன் கூத்துக்கு நடுவே தன் கடையில் செய்கூலி, சேதாரம் குறைவு என்று இரண்டு வரி நகைச்சுவையாகச் சொல்லவேண்டும்.

இதைக் கேட்டவுடனே கோபப்படுவது எளிது. ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. கூத்தில் நடுவே பணம் கொடுப்பவரின் பெயரைச் சொல்லி வாழ்த்துவது பழைய வழக்கம். கர்ணன் களத்தில் நிற்கும்போதே, இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று ஒரு குரல் எழும். யாருக்கும் அது உறுத்துவதில்லை. அப்படியானால் எங்கே கோடு? எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம் நடந்தது. தொகை 35,000. மறுத்தால் மறுபடியும் மூன்றாவது குழுவுக்குத்தான் துண்டு விழும். அந்தக் குழு, சென்ற ஆண்டு பாக்கிக்காகக் காபி குடித்துவிட்டுப் போன அதே வாத்தியாருடையது.

கடைசியில் அவரையே கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. 'பேர் சொல்லி வாழ்த்தறது வேற சார், அது எங்க வழக்கம். ஆனா கட்டியங்காரன் வாயில கடையை வெச்சா அவன் கேலிதான் பண்ணுவான். ராஜாவையே பண்றவன். சேதாரத்தையும் சேர்த்துத்தான் பண்ணுவான். கடைக்காரருக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வாங்க.'

கேட்டோம். நகைக்கடைக்காரர் விலகிக்கொண்டார், மரியாதையாகத்தான். அன்றிரவே எல்லாத் தாள்களிலும் 'நாங்கள் தர இயலாதவை' என்று ஒரு பகுதியைச் சேர்த்தோம். கூத்தின் உரையாடலிலும் பாடலிலும் விளம்பரம் இடம்பெறாது. திரையிலும் வேடத்திலும் கடைப் பெயர் இருக்காது. அறிவிப்புகள் களரி தொடங்குமுன்னும் இடைவேளையிலும் மட்டும். முதலிலேயே எழுதியிருந்தால் அந்த இரண்டு நாள் மனக்கசப்பு நேர்ந்திருக்காது. வியப்பு என்னவென்றால், இந்தப் பகுதி யாரையும் விரட்டவில்லை. எதைத் தரமாட்டோம் என்று சொல்கிறவன், தருவதாகச் சொன்னதைத் தருவான் என்று கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இரவைப் பிறகு ஒரு தனியார் பள்ளியும் ஓர் உரக்கடையும் 18,000, 17,000 என்று பகிர்ந்துகொண்டன. பிப்ரவரி பள்ளிகளுக்குச் சேர்க்கை தொடங்கும் சமயம் என்பது எங்களுக்கு உதவியது.

*

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் ஆண்டு நாங்கள் பொங்கல் முடிந்து போனோம். அப்போது கடைக்காரர் கையில் நேரம் உண்டு, பணம் இல்லை. தீபாவளிக்கு முன்பு போனால் பணம் உண்டு, நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லை. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. ஒரு வாரம் விட்டு நவம்பர் 20-இலிருந்து நடக்கத் தொடங்கினோம். காலை 11 மணி நல்ல நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் தவிர்த்தோம். அன்று 10.30-இலிருந்து 12 வரை ராகு காலம், யாரும் கல்லாவைத் திறக்கமாட்டார்கள். எப்போதும் இருவராகப் போனோம். ஒருவர் அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்தவர், மற்றவர் கணக்குக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர். ஐந்து நிமிடம் பேசி, தாளைக் கொடுத்து, 'வியாழக்கிழமை வருகிறோம்' என்று நாள் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். 'பார்க்கலாம்' என்பது இல்லை என்று பொருள், திரும்பப் போகவேண்டியதில்லை. 'பையன் வரட்டும்' என்பது உண்மையாகவே பையன் வரவேண்டும் என்று பொருள். அந்தப் பையன் இருக்கும் நேரத்தில்தான் மறுபடி போகவேண்டும்.

பொருளாகத் தருபவர்களிடம் ஒரு கவனம் தேவை. பொருள் நம் செலவுப் பட்டியலில் ஒரு வரியை அழித்தால் மட்டுமே அது உபயம். உணவு விடுதி ஒன்று மூன்று இரவு உணவையும் ஏற்றது, 21,000 அழிந்தது. அச்சகத்தார் தம் கூலியைத் தள்ளினார், 6,000 அழிந்தது. ஆனால் இன்னொருவர் 20,000 ரூபாய் பெறுமான பரிசுப் பைகள் தருவதாகச் சொல்லி, இரவு உபயத்துக்கு இணையான இடம் கேட்டார். எங்களுக்குப் பை தேவையே இல்லை. நன்றி சொல்லி விட்டுவிட்டோம்.

முடிவில், மூன்று இரவுகள் 1,05,000. ஒளி உபயமாக ஒரு மின்சாதனக் கடை 20,000. உணவும் அச்சும் தண்ணீரும் தேநீருமாக 33,000. சிறு கடைகள் 34 பேர், தலைக்கு 500 வீதம் 17,000. இவர்களிடம் விளம்பரம் என்று பேசவே இல்லை. நன்கொடை என்றே கேட்டு, ரசீது கொடுத்து, ஒரு பலகையில் எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்தோம். சின்னப் பெட்டிக்கும் அதற்குரிய மொழி உண்டு. ஆக 1,75,000. துண்டு விழுந்த 5,000, எதிர்பாராச் செலவில் மிஞ்சியதில் அடங்கிவிட்டது.

விழா முடிந்து பத்து நாளுக்குள் ஒவ்வோர் உபயதாரரிடமும் ஒரு தாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாக்களித்தது, நடந்தது என்று இரண்டு பத்திகள், பதாகையின் படம், மொத்த வரவுசெலவு. அரிசி ஆலைக்காரரின் தாளில் ஒரு குறையை நாங்களே எழுதியிருந்தோம். இடைவேளை அறிவிப்பு விடுபட்டுவிட்டது, மைக் பிடித்த மாணவன் கூத்தில் மூழ்கிவிட்டான். கூடவே அவர் அன்று கேட்ட கேள்விக்குப் பதிலும் இருந்தது. இம்முறை வாசலில் நூறு பேரிடம் தொழில் என்ன என்று கேட்டிருந்தோம், 58 பேர் விவசாயக் குடும்பம். அவர் குறை எழுதிய வரியைத் தாண்டி, அந்த எண்ணைத்தான் இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டைப் பற்றி நாங்கள் பேச்செடுக்கவில்லை. அவரே கேட்டார்.

கர்ண மோட்சம் முடிந்த இரவு, வேடம் கலைக்கும் இடத்துக்கு உறையோடு போனேன். வாத்தியார் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுத் தொகையும் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எண்ணவில்லை. உறையை மடியில் செருகிக்கொண்டு, பாதி கர்ணனும் பாதி மனிதருமாக நிமிர்ந்து பார்த்து, 'காபி சாப்ட்டீங்களா சார்?' என்று கேட்டார்.